இருப்பு இருக்கிறது, அனுப்ப வழியில்லை

வாலட்டில் 50 யுஎஸ்டிடி இருக்கிறது. நண்பரின் முகவரியைப் போட்டு அனுப்பச் சொன்னால், கட்டணத்துக்கு ஈத்தர் போதவில்லை என்று சிவப்பு எழுத்தில் மறுப்பு வருகிறது. கிரிப்டோவுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் குழம்புகிறார்கள். டாலருக்கு நிகரான நாணயம் கையில் இருக்கும்போது, அதிலிருந்தே கட்டணத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன?

பிடிக்காது. எத்தீரியம் தன் கட்டணத்தை ஈத்தரில் மட்டுமே வாங்கும். அதே யுஎஸ்டிடி டிரான் நெட்வொர்க்கில் இருந்தால் டிஆர்எக்ஸ் வேண்டும். சில புதிய வாலட்டுகள் ஈத்தரைத் தாங்களே கட்டிவிட்டு, பயனரிடம் யுஎஸ்டிடியாக வசூலித்துக்கொள்கின்றன. அது வாலட் செய்துதரும் ஏற்பாடு. நெட்வொர்க்கின் விதி மாறவில்லை.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். கூரியர் கடையில் பெட்டிக்குள் இருக்கும் பொருளின் விலையைப் பார்க்காமல் எடையைப் பார்த்துக் காசு வாங்குவதுபோல, நெட்வொர்க்கும் அனுப்பும் தொகையைப் பார்ப்பதில்லை. அதைச் செய்து முடிக்க எவ்வளவு வேலை என்றுதான் பார்க்கிறது. சாதாரண ஈத்தர் பரிமாற்றம் ஒன்றுக்கு 21,000 கேஸ். 100 ரூபாய் மதிப்புக்கும் அதே, கோடி ரூபாய்க்கும் அதே. ஒரு கேஸின் விலை மட்டும் நெரிசலைப் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அடிபடுவது சிறு தொகைக்காரர்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரிடம் 0.0008 ஈத்தர் இருக்கிறது, 0.0003 அனுப்ப நினைக்கிறார். அப்போதைய கேஸ் விலை 22 குவெய். 100 கோடி குவெய் சேர்ந்தால் ஒரு ஈத்தர். 21,000-ஐ 22-ஆல் பெருக்கினால் 4,62,000 குவெய், அதாவது 0.000462 ஈத்தர். அனுப்பும் தொகையையும் சேர்த்தால் 0.000762. இருப்பு போதும்போலத்தான் தெரிகிறது. ஆனாலும் மறுப்பு வருகிறது:

```
insufficient funds for gas * price + value
```

வாலட்டின் முன்ஜாக்கிரதைதான் இதற்குக் காரணம். அடுத்த சில நிமிடங்களில் விலை ஏறினாலும் பரிமாற்றம் நின்றுவிடக் கூடாது என்று, உச்சவரம்பாக 42 குவெய் போட்டிருக்கும். உண்மையில் பிடிக்கப்போவது 22 குவெய் கணக்கில்தான் என்றாலும், நெட்வொர்க் சரிபார்ப்பது உச்சவரம்பை. 42 கணக்கில் கட்டணம் மட்டுமே 0.000882. கையில் உள்ள மொத்தத்தையும் அது தாண்டிவிடுகிறது.

இதற்கு வழி உண்டு. வாலட்டின் கட்டண அமைப்புக்குள் போய் உச்சவரம்பை 23 குவெய்க்கு இறக்கினால் மொத்தத் தேவை 0.000783 ஆகிவிடும், பரிமாற்றம் ஏற்கப்படும். விலை அதற்குமேல் ஏறிவிட்டால் மட்டும், இறங்கும்வரை அது காத்துக் கிடக்கும். அவசரமில்லாதவர்கள் நெரிசல் தணிந்த பிறகு முயன்றாலே போதும். பிட்காயினில் 2024 ஏப்ரல் 20 அன்று ரூன்ஸ் என்ற புதிய டோக்கன் முறை தொடங்கியபோது, சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. சில நாட்களில் அது சரசரவென்று இறங்கிவிட்டது.

எக்ஸ்சேஞ்சில் வைத்திருக்கும் நாணயத்தின் கதை வேறு. அங்கே முதலில் தடுப்பது நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு. கட்டணத்தைவிடச் சிறிய தொகைகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்பதால் வைத்த விதி அது. குறைந்தபட்சம் 10, கட்டணம் 1 என்று இருந்தால், 9.50 வைத்திருப்பவரின் கோரிக்கை நெட்வொர்க்கை எட்டிக்கூடப் பார்க்காது. பிளாக்செயினில் தேடினாலும் தடயம் கிடைக்காது. பரிமாற்ற எண்ணே இல்லாமல் மறுக்கப்பட்டால், உடனே பார்க்க வேண்டியது எக்ஸ்சேஞ்சின் கட்டணப் பட்டியலை.

பட்டியலில் ஒரே நாணயத்துக்கு நெட்வொர்க்வாரியாக வெவ்வேறு வரம்பும் கட்டணமும் இருக்கும். எத்தீரியத்தில் சிக்கிய தொகை ஆர்பிட்ரம் வழியாகச் சுலபமாக வெளியே வரலாம். ஆனால் வாங்கும் பக்கமும் அதே நெட்வொர்க்கை ஏற்க வேண்டும். இரண்டிலும் முகவரி 0x என்றுதான் தொடங்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வாங்குவது இன்னொரு எக்ஸ்சேஞ்ச் என்றால், அதன் குறைந்தபட்ச டெபாசிட் வரம்பையும் பார்த்துவிடுவது நல்லது. அதற்குக் குறைவாக அனுப்பினால் பிளாக்செயினில் போய்ச் சேர்ந்தும் கணக்கில் ஏறாமல் போகலாம்.

இந்தக் குழப்பத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். போலித் தளங்கள், பணம் எடுக்க வேண்டுமானால் முதலில் கட்டணத்தைத் தனியாக ஒரு முகவரிக்கு அனுப்பச் சொல்லும். முறையான எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தை இருப்பிலிருந்தோ அனுப்பும் தொகையிலிருந்தோ கழித்துக்கொள்ளும். இன்னொரு தந்திரம், நிறைய யுஎஸ்டிடி உள்ள டிரான் வாலட்டின் ரகசியச் சொற்களை, உதவி கேட்பதுபோலப் பொதுவெளியில் போட்டுவிடுவது. ஆசைப்பட்டு நுழைபவர் கட்டணத்துக்காக டிஆர்எக்ஸ் அனுப்புவார். அந்த வாலட்டின் கையெழுத்து உரிமையோ முன்பே வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கும். யுஎஸ்டிடி அசையாது, அனுப்பிய டிஆர்எக்ஸும் திரும்பாது.