நாட்குறிப்புக்குப் பூட்டு எங்கே?

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பை இன்று யாரும் வாசிக்கலாம். நம் குறிப்பு அப்படி ஆகக் கூடாது என்றால், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டாரிடமிருந்து என்றால் நோட்டுப் புத்தகம் பலவீனமானது. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாலும் ஒரு நாள் யார் கையிலாவது சிக்கும். செல்போனிலும் திரைப்பூட்டு மட்டும் போதாது. விளையாடக் கேட்கும் பிள்ளைக்குத் திறந்து கொடுத்துவிடுகிறோமே! செயலிக்கென்று தனிப் பூட்டு வேண்டும். எழுதியதன் முதல் வரி அறிவிப்பாகத் திரையில் தோன்றாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயலி நிறுவனமே படிக்கக் கூடாது என்றால், முழுமையான மறையாக்கம் உள்ளதைத் தேடுங்கள். அதை அறிய ஒரு வழி உண்டு. கடவுச்சொல்லை மறந்த பிறகு, வெறும் மின்னஞ்சல் மூலம் அதை மாற்றியதும் புதிய போனில் பழைய பக்கங்களெல்லாம் வந்துவிட்டால், சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது. உண்மையான மறையாக்கத்தில் நீங்கள் சாவியைத் தொலைத்தால் எழுத்தும் போய்விடும். அதனால் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

பழக்கத்துக்கு போன் எளிது, பேருந்திலும் எழுதலாம். ஆனால் அதே திரையில் வாட்ஸ்அப்பும் கூப்பிடும். இரவில் மனம் கனத்து எழுதுவோருக்குப் பேனாவின் நிதானத்தையே நான் பரிந்துரைப்பேன். தனியறையோ பூட்டிய இழுப்பறையோ இல்லாதவர்கள் செயலியையே எடுத்துக்கொள்ளலாம். அவ்வப்போது எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக இறக்கி, கடவுச்சொல் போட்டு வைத்துக்கொண்டால், செயலி மூடப்பட்டாலும் எழுத்து மிஞ்சும்.