தோட்டத்து மருந்தறை – 17: திரும்பி நுழையும் ரோமம்

லெம்பா பெர்த்தாமில் விடியற்காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். அந்த ஜலத்தை முகத்தில் ஒரு கை தெளித்து, சவர்க்காரத்தை அவசரமாகத் தேய்த்து, பெரட்டுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் கழுத்துத் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக ரேசரை ஓட்டுவதே எங்கள் லயத்து இளைஞர் பலரின் க்ஷவர முறையாக இருந்தது. மருந்தறையில் நான் டிரசராக இருந்த காலத்தில் அதன் பலனைப் பல கழுத்துகளில் கண்டிருக்கிறேன்.

தேயிலை ஆலையில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பையன் ஒருநாள் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். தாடைக்குக் கீழே இருபுறமும் மிளகளவு பருக்கள்; சிலவற்றின் உச்சியில் வெண்மை.

"சூட்டுக் கட்டி, ஐயா. வேப்பிலை அரைச்சுப் போட்டும் போகலை."

"நெத்தியில, முதுகுல இருக்கா தம்பி?"

"இல்லை ஐயா, சவரம் பண்ற இடத்துல மட்டுந்தான்."

அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோது, ஒரு பருவின் அடியில் கருநூல் துண்டு போல ஒரு ரோமம் வளைந்து கிடந்ததும் தெரிந்தது.

சுருட்டை ரோமம் உள்ளவர்களுக்கே இந்த உபாதை அதிகம். நேரான ரோமம் வெட்டப்பட்ட பிறகும் வெளிநோக்கியே வளரும். சுருண்ட ரோமமோ, ரேசரால் கூராக்கப்பட்ட தன் நுனியை வளைத்து, அருகிலுள்ள தோலிலேயே குத்திக்கொண்டு நுழையும். மற்றொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து வெட்டினாலோ, ஒரு கத்தி ரோமத்தை இழுக்க அடுத்த கத்தி அறுக்கும்படி அமைந்த பல கத்தி ரேசரை உபயோகித்தாலோ, வெட்டுண்ட நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே பின்வாங்கிவிடுகிறது. பின்னர் அது மேலே வரும் வழியில் தன் குழியின் சுவரையே துளைத்து உள்ளே புகுகிறது. தன் ரோமத்தையே சரீரம் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பதுதான் அந்தச் சிவப்பும் வீக்கமும். ஆகவே, பருக்களைக் கண்டு வெட்கப்பட்டு இன்னும் அழுத்தி மழிப்பவன், நோயை ஒவ்வொரு காலையும் புதிதாக விதைக்கிறான் என்றே சொல்ல வேண்டும்.

பையனிடம் நான்கு வாரம் ரேசரைத் தொடக் கூடாது என்றேன். முகம் மழமழவென்று இருக்க வேண்டுமென்பது ஆலையின் விதி. ஆகையால் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. முதல் வாரத்தில் பருக்கள் அதிகமானதுபோல் தோன்றும் என்பதையும் முன்கூட்டியே சொன்னேன்; சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மழித்துவிடுவார்கள். ரோமம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும், வில்லின் நாண்போல் தானே விடுபட்டு வெளியே நிமிர்கிறது. வெளியில் வளையமாகத் தெரிபவற்றைச் சுத்திகரித்த ஊசியால் மெல்லத் தூக்கிவிடலாம். பிடுங்குவது கூடாது, ஏனெனில் அடியிலிருந்து வளரும் புது ரோமம் உள்ளேயே துளைக்கக்கூடும். சீழ் பரவி வலித்தாலும், வட்டமாகச் செதிலுதிர்ந்து ரோமம் இலகுவாகக் கழன்று வந்தாலும், அது கிருமியோ படையோ ஆகலாம். அதை வைத்தியரே பார்க்க வேண்டும்.

மறுபடி மழிக்கத் தொடங்கியபோது, பரபரப்பான காலையை விட்டு, இரவுக் குளியலுக்குப் பின்னான நேரத்தைத் தேர்ந்துகொண்டான். வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிஷம் கழுத்தில் வைத்து, நுரையைப் பூசி, இரண்டு மூன்று நிமிஷம் காத்திருப்பான். நீரை உறிஞ்சிய ரோமம் மிருதுவாகி, கத்திக்கு எளிதில் இணங்கும். கன்னத்தில் ரோமம் கீழ்நோக்கி வளர்ந்தாலும் கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ திரும்பியிருக்கும். ஆதலால் ஒருநாள் வளர்ந்த தாடியை விரலால் தடவி, எந்தத் திசையில் வழுக்குகிறதோ அந்தத் திசையிலேயே ஒற்றைக் கத்தி ரேசரை, தோலை இழுக்காமல், அழுத்தாமல், ஒரே முறை ஓட்ட வேண்டும். பிளேடு ஐந்தாறு க்ஷவரத்துக்கு மேல் வேண்டாம்; மழுங்கிய பிளேடு இழுத்துத்தான் அறுக்கும். எங்கள் ஊர்க் குளிர்ந்த ஜலத்துக்கு உரிய இடம் முடிவில்தான்: நனைத்த துணியை வைத்தால் எரிச்சல் தணியும்.

எனினும் இவையெல்லாம் கூடியும் சுருட்டை ரோமக்காரனுக்குப் பூரண நிவாரணம் தருமென்று நான் சொல்லமாட்டேன். இவற்றினும் நிச்சயமான வழி, கிளிப்பரால் ஒரு மில்லிமீட்டர் ரோமத்தை விட்டு வெட்டுவதே. தோலின் மட்டத்துக்கு மேலேயே நிற்கும் நுனி கீழே பின்வாங்குவதில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு பையன் வந்தபோது பருக்கள் அடங்கியிருந்தன. கருந்தழும்புகள் மட்டும் மாதக்கணக்கில் மங்குபவையாதலால் மீதமிருந்தன. வலக் கழுத்தில் ரோமம் சுழியாக வளரும் ஓரிடத்தில் இரண்டு பருக்கள் தலைகாட்டின. அந்த நாணய அளவு இடத்தில் ரேசரே படாமல் கிளிப்பர் மட்டும் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.