ஆறு மணி நேரக் கரண்டில் மூன்று ஏக்கர் பாயுமா?

மூன்று ஏக்கர் மக்காச்சோளம், ஒரு கிணறு, ஐந்து எச்.பி. மோட்டார், நாளுக்கு ஆறு மணி நேரம் மும்முனை மின்சாரம். கடனுக்கோ மானியத்துக்கோ எழுதப்படும் பண்ணைத் திட்டத்தில் இப்படி ஒரு வரி வரும். பக்கத்திலேயே ‘பாசன நீர் போதுமானது’ என்றும் இருக்கும். அது உண்மைதானா என்று பார்க்க நான்கு எண்கள் போதும்: பயிருக்கு ஒரு நாளில் எவ்வளவு வேண்டும், எத்தனை ஏக்கர், இறைத்த நீரில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேரும், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கம் தைப்பட்டத்தில் விதைத்த ஒரு தோட்டம் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பயிரின் தேவையை மழையைப் போலவே மில்லிமீட்டரில்தான் சொல்வார்கள். நன்றாக நீர் பாய்ச்சிய குட்டைப் புல்தரை ஒரு நாளில் எவ்வளவு நீரை ஆவியாக விடுகிறது என்பது அடிப்படை அளவு. அதைப் பயிருக்குரிய ஓர் எண்ணால் பெருக்கினால் அந்தப் பயிரின் தேவை கிடைக்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட பாசனக் கையேட்டின்படி, வளர்ந்து பூக்கும் பருவத்து மக்காச்சோளத்துக்கு அந்த எண் 1.2. இளம்பயிராக இருக்கும்போது 0.3 அளவுதான். மார்ச் மாதத்தில் அடிப்படை அளவு 5 மி.மீ. என்று கொண்டால், கதிர் பிடிக்கும் பயிருக்கு நாளுக்கு 6 மி.மீ. வேண்டும். அந்த மாதத்து மழையை நம்பித் திட்டம் போட முடியாது என்பதால் கழிக்க ஒன்றுமில்லை.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரத்துக்கு நின்றால் அது சுமார் 4,000 லிட்டர். ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் விடை இரண்டரை மடங்கு பிசகும். நம் கணக்கில் 6 மி.மீ., 3 ஏக்கர், 4,000 லிட்டர் மூன்றையும் பெருக்க, 72,000 லிட்டர் வருகிறது. இது வேர் குடிக்க வேண்டிய நீர்.

கிணற்றிலிருந்து இறைக்க வேண்டியது இதைவிட அதிகம். மண் வாய்க்காலில் கசிவது, மடை உடைந்து ஓடுவது, வேருக்குக் கீழே இறங்கிவிடுவது எல்லாம் போக, பார் பிடித்து வாய்க்காலில் பாய்ச்சும் வயலில் 60 சதவீதம் பயிருக்குச் சேர்ந்தால் அது நல்ல கணக்கு. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 40 சதவீதம் வீணாகிறது என்றால் 72,000-த்தோடு அதில் 40 சதவீதத்தைக் கூட்டி, 1,00,800 லிட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். இது சரியா என்று திருப்பிப் பார்க்கலாம். 1,00,800 லிட்டர் இறைத்தால் அதில் 60 சதவீதம் 60,480 லிட்டர்தான்; பயிருக்கு 11,520 லிட்டர் குறைகிறது. வீணாவது இறைத்த நீரில் 40 சதவீதம், பயிர் குடிக்கும் நீரில் அல்ல. அதனால் கூட்டக்கூடாது, 0.6-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 1,20,000 லிட்டர்.

அடுத்தது மோட்டார். எச்.பி.யை வைத்து எவ்வளவு நீர் வரும் என்று சொல்ல முடியாது. நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, குழாய் எவ்வளவு நீளம், மோட்டார் எத்தனை வருடப் பழசு என்பதைப் பொறுத்து அது மாறும். அளக்க ஒரு 200 லிட்டர் பேரலும் கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப் வாட்சும் போதும். மோட்டார் போட்டதும் அளக்கக்கூடாது. ஒரு மணி நேரமாவது ஓடி, கிணற்றில் மட்டம் இறங்கிய பிறகு, நீர் வயலில் விழும் வாயிலேயே பேரலை வைத்து அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. பேரல் 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். மார்கழியில் அளந்ததைப் பங்குனிக்கு எழுதக்கூடாது. மட்டம் இறங்க இறங்க அதே மோட்டார் குறைவாகத்தான் தள்ளும்.

இப்போது 1,20,000-ஐ 18,000-ஆல் வகுத்தால் 6 மணி 40 நிமிடம். கரண்ட் இருப்பதோ ஆறு மணி நேரம். திட்டம் தேறவில்லை. 40 சதவீதத்தைக் கூட்டியவருக்கு 5 மணி 36 நிமிடம் வந்திருக்கும். தாராளமாகப் போதும் என்று அவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

திட்டம் பொய்யாகத் தேறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. மக்காச்சோளத்துக்கு மொத்தம் 500 மி.மீ. வேண்டும், வயது 105 நாள் என்று எடுத்துக்கொண்டு வகுத்தால் நாளுக்கு 4.8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். அந்தச் சராசரியில் மோட்டார் 5 மணி 20 நிமிடம் ஓடினால் போதும். ஆனால் முளைத்த மாதத்தில் மிச்சமான நேரத்தைப் பூக்கும் மாதத்துக்கு எடுத்துவைக்க முடியாது. ஆண் பூவும் பட்டு நூலும் வரும் நாட்களில் நீர் தட்டினால் கதிரில் மணி பிடிக்காமல் பொக்கு விழும். அதனால் உச்சத் தேவை உள்ள நாளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

கரண்ட் இருந்தாலும் கிணறு கொடுக்க வேண்டுமே. 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி உயரத்துக்குச் சுமார் 8,900 லிட்டர் நிற்கும். தினமும் காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு, அதே நேரத்தில், கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். ஆறு மணி நேரம் இறைத்தும் மறுநாள் காலை மட்டம் அதே இடத்துக்கு ஊறி வந்தால் கவலையில்லை. நாளுக்கு ஓர் அடி இறங்கிக்கொண்டே போனால், இறைக்கும் 1,08,000 லிட்டரில் 8,900 லிட்டர் பழைய இருப்பிலிருந்து போகிறது என்று அர்த்தம். ஊறுவது 99,000 லிட்டர் மட்டுமே. அந்தக் கிணற்றுக்கு வரம்பு ஆறு மணி நேரம் இல்லை, ஐந்தரை மணி நேரம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கணக்கைத் திருப்பிப் போட்டால் பதில் வரும். 99,000 லிட்டரில் 60 சதவீதம் 59,400. ஏக்கருக்கு 24,000 வீதம் அது இரண்டரை ஏக்கருக்குத்தான் வரும். மண் வாய்க்காலை மூடிவிட்டு பி.வி.சி. குழாயில் கொண்டுபோய்த் திறனை 70 சதவீதமாக்கினால் மூன்று ஏக்கருக்கு 1,03,000 லிட்டர் போதும். மின்சாரம் அதற்குக் காணும், கிணறு காணாது. சொட்டுநீர் போட்டுத் திறன் 90 சதவீதமானால் 80,000 லிட்டரில் முடியும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியத் திட்டமும் இருக்கிறது.

சொட்டுநீரிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடிகட்டிக்கும் குழாய்களுக்கும் அழுத்தம் தேவைப்படுவதால் மோட்டார் தள்ளும் நீர் குறையும். விநாடிக்கு 5 லிட்டர் 4 ஆகிவிட்டால், 80,000 லிட்டருக்கு 5 மணி 33 நிமிடம் ஆகும். ஆறு மணி நேரக் கரண்டுக்குள் அடங்குகிறது, கிணற்றின் 99,000 லிட்டருக்குள்ளும் அடங்குகிறது. ஆனால் 27 நிமிடம்தான் மிச்சம். அரை மணி நேரம் மின்தடை வந்தாலே இழுபறிதான். ஒரு மாதத்தில் பல நாள் கரண்ட் தட்டுகிற ஊராக இருந்தால், சொட்டுநீர் போட்ட பிறகும் திட்டத்தில் இரண்டரை ஏக்கர் என்று எழுதுவதே உசிதம்.