உரிமத்தில் இருக்கும் இரண்டு தேதிகள்

கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம் ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர். செராமிக் பொருள்களை ஏற்றும் லாரி, கரும்பு லாரி, நெய்வேலிச் சுரங்கத்துக்கான ஒப்பந்த வண்டி என்று ஏதோ ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கண் மட்டும் அரசுப் பேருந்து வேலைமீது இருக்கும். 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு 3,274 இடங்களை அறிவித்தபோது, கேட்கப்பட்ட ஆவணங்கள் பல: செல்லத்தக்க கனரக ஓட்டுநர் உரிமம், பொதுப்பணி வில்லை, நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, இவற்றோடு கனரக வாகனம் ஓட்டிய 18 மாத அனுபவம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் செல்லும். ஆனால் உரிமங்களும் முதலுதவிச் சான்றும் அப்படியல்ல, ஒவ்வொன்றும் தனித்தனித் தேதியில் காலாவதியாகும்.

முதல் குழப்பம் ஓட்டுநர் உரிம அட்டையிலேயே இருக்கிறது. அதில் செல்லுபடித் தேதி இரண்டு உண்டு. NT என்பது பைக், சொந்தக் கார் போன்ற வாடகைக்கு ஓடாத வண்டிகளுக்கு. TR என்பது லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வண்டிகளுக்கு. முப்பது வயதுக்குள் உரிமம் எடுத்தவருக்கு NT தேதி நாற்பது வயதுவரை நீளும். TR தேதியோ ஐந்தே ஆண்டு. 2019 செப்டம்பர் 1-க்கு முன்பு மூன்று ஆண்டாக இருந்தது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் ஐந்தானது. அட்டையை எடுத்துப் பார்ப்பவர் கண்ணில் தூரத்துத் தேதிதான் முதலில் படுகிறது. "இன்னும் எட்டு வருஷம் இருக்கே" என்று மடித்து வைத்துவிடுகிறார். ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்தத் தேதி எந்த உதவியும் செய்யாது. பார்க்க வேண்டியது TR.

அதே 2019 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. அதற்கு முன்பு உரிமம் காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொன்னது. அந்த வரி நீக்கப்பட்டுவிட்டது. "ஒரு மாசம் டைம் இருக்கு" என்று இன்றும் வண்டி ஸ்டாண்டுகளில் சொல்கிறார்களே, அது செத்துப்போன சட்டம். காலாவதியான மறுநாளே நீங்கள் உரிமம் இல்லாதவர். பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

ஓராண்டுக்குள் புதுப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். புதுப்பிக்கலாம். ஆனால் 15-ஆம் பிரிவின்படி அந்தப் புதுப்பித்தல், புதுப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. பழைய தேதியோடு ஒட்டாது. நடுவில் விழுந்த ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். ஓராண்டும் கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்டித் தேர்ச்சி பெற வேண்டும்.

அந்த ஓட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தெலங்கானா வழக்கு காட்டியது. 2022-இல் அந்த மாநிலக் காவல்துறைப் பணியாளர் தேர்வு வாரியம், காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஓட்டுநர்களை எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. அறிவிப்பு நாளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிலருடைய உரிமம் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் காலாவதியாகி, பிறகு புதுப்பிக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2025-இல் அதை ஏற்கவில்லை. காலாவதிக்கும் புதுப்பித்தலுக்கும் இடைப்பட்ட நாள்களில் சட்டப்படி வண்டி ஓட்டவே முடியாதவர், 'தொடர்ச்சியாக' உரிமம் வைத்திருந்தவர் ஆக மாட்டார் என்று முடிவாயிற்று. ஓட்டத் தெரிந்த கை அதேதான். இருந்தும் வேலை இல்லை.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கம்மாபுரத்து இளைஞர் ஒருவர் 2020 பிப்ரவரி 10 அன்று கனரக உரிமம் பெற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய TR 2025 பிப்ரவரி 9 அன்று முடிகிறது. மறந்துபோய் மார்ச் 3 அன்று புதுப்பிக்கிறார். இடையில் 21 நாள் ஓட்டை. மார்ச் 21 அன்று போக்குவரத்துக் கழக விண்ணப்பம் திறக்கும்போது உரிமம் உயிரோடு இருக்கிறது, அந்த வகையில் சிக்கல் இல்லை. ஆனால் முதலுதவிச் சான்றை எடுத்துப் பார்த்தால், அது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் 2022 மார்ச் 15 அன்று வாங்கியது. அந்தச் சான்றுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. விண்ணப்பம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டது. அதை ஒரு கட்டணம் கட்டி நீட்டிக்க முடியாது, மறுபடி பயிற்சிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். பயிற்சி வகுப்பு நாம் நினைத்த நாளில் கிடைக்காது. இனி, இதே இளைஞர் 2026-இல் 'இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக' என்று கேட்கும் ஒரு வேலைக்குப் போனால் அந்த 21 நாள் எதிரே வந்து நிற்கும். 2027 மார்ச் 3 வரை அவர் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் லாரி ஓட்டியிருந்தால், அதை அனுபவச் சான்றில் சேர்ப்பதும் ஆபத்து. சான்றில் உள்ள தேதியையும் உரிமத்தின் தேதியையும் அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது எந்த நாளில் செல்ல வேண்டும் என்பதைத் தேடுங்கள். சில அறிவிப்புகள் ஒரு தேதியைக் குறிப்பிட்டு, 'அதற்கு முன் பெற்றிருக்க வேண்டும்' என்கின்றன. சில, சான்றிதழ் சரிபார்ப்பு நாளிலும் செல்லத்தக்கதாக இருக்கக் கேட்கின்றன. தேதியே சொல்லாவிட்டால் விண்ணப்பத்தின் கடைசி நாள்தான் கணக்கு. 1993-இல் ரேகா சதுர்வேதி வழக்கிலும் 1997-இல் அசோக் குமார் சர்மா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. "நேர்காணலுக்குள் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அட்டையில் உள்ளதும் அரசின் பதிவில் உள்ளதும் ஒன்றுதானா என்றும் பார்த்துவிடுங்கள். parivahan.gov.in தளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் NT, TR இரண்டுக்கும் தொடக்கமும் முடிவும் தனித்தனியே வரும். பழைய புத்தக உரிமம் வைத்திருப்பவர்களுக்குச் சில வேளை எதுவுமே வராது. அப்படியானால் உரிமம் வழங்கிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்து, கணினியில் பதிவேற்றச் சொல்ல வேண்டும். வேலைக்கு எடுக்கும் துறையும் இந்தப் பதிவைத்தான் பார்க்கும். பழைய தேதி போட்டு முதலுதவிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். வேலை கிடைத்து ஐந்து வருடம் கழித்து உண்மை தெரிந்தாலும் வேலை போகும், வழக்கும் வரும்.

எல்லாத் தேதியும் சரியாக இருந்தும் நிராகரித்தால் சும்மா இருக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அறிவிப்பின் நகல், உரிமப் பதிவின் நகல், விண்ணப்ப ஒப்புகை ஆகியவற்றை இணைத்துத் தேர்வு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் முறையீடு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தேர்வுப் பட்டியல் முடிந்து எல்லோரும் பணியில் சேர்ந்த பிறகு போனால் நீதிமன்றம் தாமதத்தையே காரணமாக்கித் தள்ளிவிடக்கூடும், அதனால் வாரக்கணக்கில் யோசிக்க நேரமில்லை.

போக்குவரத்து உரிமத்தைக் காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவர் தரும் படிவம் 1A-வும் விண்ணப்பமும் வேண்டும். இன்று இரவே அட்டையை எடுத்து TR தேதியைப் பாருங்கள். அது பன்னிரண்டு மாதத்துக்குள் முடிவதாக இருந்தால், அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.