தொட்டியில் 60, குழாயில் 40

கீசர் இருக்கும் வீடுகளில் வெந்நீரின் சூட்டைத் தீர்மானிப்பது பெட்டியின் அடியிலுள்ள ஒரு சின்னக் குமிழ். அதைக் கடைசிவரை திருப்பிவிட்டால் பல கீசர்களில் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸைத் தொடும். மொட்டை மாடி சோலார் ஹீட்டர்கள் பலவற்றில் அந்தக் குமிழும் கிடையாது. நல்ல வெயில் நாளில் பிற்பகலுக்குள் அதுவும் 70, 80 என்று ஏறிவிடும். குளிக்க நமக்கு வேண்டியதோ 38 முதல் 41 டிகிரிதான். இந்த இடைவெளியில்தான் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் வெந்துபோகிறார்கள்.

சூட்டுக்கும் நேரத்துக்கும் உள்ள கணக்கை அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் 1947-ல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 49 டிகிரித் தண்ணீர் ஒரு பெரியவரின் தோலை ஆழமாகப் புண்ணாக்கப் பல நிமிடங்கள் ஆகும். அதுவே 60 டிகிரி என்றால் ஏறக்குறைய ஐந்து நொடி போதும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வெந்துவிடும். குழாயைத் திறக்கத் தெரிந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு மூடத் தெரியாது. முதியவர்களின் நிலை வேறு. பல வருடச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு உறைக்காது. உறைத்தாலும் சட்டென்று விலகி நிற்க முட்டி ஒத்துழைக்காது.

குமிழைக் குறைத்து வைத்தால் போதாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கீசரை 45 டிகிரியில் நிறுத்திவிட்டால் யாருக்கும் சுடாது, உண்மை. ஆனால் அந்தச் சூட்டில் தேங்கும் தண்ணீரில் வேறொரு ஆபத்து வளர்கிறது. 1976-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் சங்க மாநாட்டுக்கு வந்தவர்களைக் கடும் நிமோனியா தாக்கிப் பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான பாக்டீரியாவுக்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் மடிந்துவிடும். குடிப்பதால் அல்ல, ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் அது பெரும்பாலும் நுரையீரலுக்குள் போகிறது. தாக்கினால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் முதியவர்கள், புகை பிடிப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள்.

ஆகவே சேமிக்கும் தண்ணீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும், உடம்பில் படும் தண்ணீர் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கட்டட விதி இந்த இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. வெந்நீரைக் குறைந்தது 60 டிகிரியில் சேமிக்கச் சொல்கிறது. வீட்டுக் குளியலறைக் குழாயில் 50 டிகிரிக்கு மேலும், குழந்தைகள் காப்பகத்திலும் முதியோர் இல்லத்திலும் 45 டிகிரிக்கு மேலும் வரக்கூடாது என்கிறது. இரண்டையும் இணைக்கும் கருவிதான் தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வு.

தானே விளாவும் வால்வு

கையளவுள்ள பித்தளை வால்வு இது. ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் பச்சைத் தண்ணீர் நுழையும். நடுவில் விளாவிய தண்ணீர் வெளியேறும். அது போகும் வழியில் ஒருவகை மெழுகு அடைத்த சிறு குப்பி இருக்கிறது. தண்ணீர் சூடேறினால் மெழுகு விரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது வெந்நீர் வழியைச் சுருக்கி, பச்சைத் தண்ணீர் வழியை அகலமாக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். மின்சாரம் தேவையில்லை.

நாம் கையால் திருப்பும் சாதாரண மிக்சர் குழாய் இதைச் செய்யாது. பாட்டி ஷவரில் நிற்கும்போது அடுத்த அறையில் யாரோ ஃபிளஷ் செய்தால் பச்சைத் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று இறங்கும், ஷவரில் வெந்நீர் மட்டும் கொட்டும். இந்த வால்வு உடனே வெந்நீரையும் குறைத்துவிடும். பச்சைத் தண்ணீர் அடியோடு நின்றுபோனால் வெந்நீரை அடைத்துவிடும். இதற்காகவே இதை வாங்க வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 25 லிட்டர் கீசர், குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி என்று கொள்வோம். கீசர் 60 டிகிரியில் இருந்தால் விளாவியபின் கணக்குப்படி 67 லிட்டர் கிடைக்கும். 45 டிகிரியில் இருந்தால் 35 லிட்டர்தான். உள்ளே புதுத் தண்ணீர் புகுந்து கலப்பதால் கைக்கு வருவது இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஏறக்குறைய இரு மடங்கு என்ற வித்தியாசம் அப்படியே இருக்கும். 2 கிலோவாட் கீசர் 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற அரை மணி நேரம் பிடிக்கும். விளக்கு தானாக அணையும்வரை விட்டுப் பிறகு குளிப்பது நல்லது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, அழுத்தம். தலைக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் தொட்டி இருக்கும் வீட்டில் அழுத்தம் 0.3 பார்தான். சில வால்வுகள் 1 பார் இல்லாமல் சரியாக வேலை செய்யாது. குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். ஒன்று மோட்டார் பம்பிலிருந்தும் மற்றது தொட்டியிலிருந்தும் வந்தால் வால்வு தடுமாறும்.

இரண்டாவது, இடம். வால்வைக் கடந்த தண்ணீர் 40 டிகிரி, அதாவது லெஜியோனெல்லாவுக்குப் பிடித்த சூடு. அதனால் மாடியில் கீசருக்குப் பக்கத்தில் வைக்காமல், குளியலறைக் குழாயை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். வாளியில் பிடித்துக் குளிக்கும் வீட்டில் வாளி நிரப்பும் குழாயும் இதன் வழியாகவே வரட்டும். முதலில் கொதிநீர், பிறகு பச்சைத் தண்ணீர் என்று ஊற்றும் வாளியில்தான் குழந்தை கை விடுகிறது.

மூன்றாவது, உப்புத் தண்ணீர். இரண்டு நுழைவாயிலிலும் வடிகட்டி வலையும், தண்ணீர் எதிர்த் திசையில் ஓடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு படிந்தால் பிஸ்டன் இறுகிவிடும். வைத்த சூடு மாறிக்கொண்டே இருப்பது, தண்ணீர் சன்னமாக வருவது, பச்சைத் தண்ணீர்க் குழாய் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது ஆகிய மூன்றும் அதன் அறிகுறிகள்.

பொருத்திய அன்றும், அதன்பின் வருடத்துக்கு ஒரு முறையாவதும், உப்பு அதிகமென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விளாவிய தண்ணீரை ஓடவிட்டு, தெர்மாமீட்டரால் அளந்து, வைத்த சூடு மாறவில்லை என்று பாருங்கள். பிறகு பச்சைத் தண்ணீரை முழுதாக மூடுங்கள். சில நொடிகளில் குழாயில் வருவது நின்றுவிட வேண்டும், அல்லது வெறும் சொட்டாக வேண்டும். வெந்நீர் தொடர்ந்து வந்தால் வால்வு பழுது. கையை நீட்டிப் பார்க்காதீர்கள்.

அடுப்பில் காய்ச்சி வாளியில் எடுத்து வரும் தண்ணீரை எந்த வால்வும் காக்காது. வால்வு இருந்தாலும் குளிப்பாட்டுமுன் முழங்கையால் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தை விடாதீர்கள், குழந்தையைக் குளியலறையில் தனியே விடாதீர்கள். வீட்டில் பச்சைக் குழந்தையோ தள்ளாத வயதினரோ இருந்தால், அடுத்த முறை பிளம்பர் வரும்போது இந்த வால்வைப் பற்றிக் கேளுங்கள். பொருத்தி முடித்ததும் கீசரை 60-க்கு ஏற்றி, பச்சைத் தண்ணீரை மூடும் சோதனையை உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். அது தேறிய பிறகே கூலியைக் கொடுங்கள்.