யாருடைய குரல் இது? வரலாற்றுக் கட்டுரையின் பக்க அமைப்பு

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு என்ன காரணம்? கல்லூரி மாணவர் ஒருவர் இதைப் பற்றி 2,000 சொற்களில் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழுதியது எது, பிற்கால ஆய்வாளர் சொன்னது எது, மாணவரின் முடிவு எது என்று பார்த்தவுடன் பிரித்தறிய முடிய வேண்டும். வரலாற்றுக் கட்டுரையில் பக்க அமைப்பின் முதல் வேலை அதுதான்.

தலைப்பிலிருந்து தொடங்கலாம். இந்த அளவுக் கட்டுரைக்கு மூன்று நான்கு உட்தலைப்புகள் போதும். சில துறைகள் சிறு கட்டுரையில் உட்தலைப்பையே விரும்புவதில்லை என்பதால் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ‘பின்னணி’ என்று எழுதுவதைவிட, ‘புதிய தலைப்பாகையும் உடை விதிகளும்’ என்று எழுதினால் வாதம் எங்கே நகர்கிறது என்பது புரியும். வேர்டில் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. `Heading 1` என்ற பாணியைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த தலைப்பு, பக்கத்தின் அடியில் தனியாக நிற்காமல் அடுத்த பத்தியோடு சேர்ந்தே நகரும். `View` பட்டியலில் `Navigation Pane` திறந்து பார்த்தால் தலைப்புகள் வரிசையாகத் தெரியும். அங்கே வராத தலைப்பு, கையால் பெரிதாக்கப்பட்டது.

மேற்கோளில்தான் அதிகக் கவனம் தேவை. சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் கடிதத்திலிருந்து ஒரு வரி மட்டும் வேண்டுமானால், அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் உங்கள் வாக்கியத்தோடு இணைத்துவிடலாம். நீளமான பகுதியைத் தனிப் பத்தியாகப் பிரிக்க வேண்டும். எவ்வளவு நீளம் என்பதில் நடைமுறைகள் வேறுபடுகின்றன. சிகாகோ முறை ஏறத்தாழ நூறு சொற்கள் என்கிறது, எம்.எல்.ஏ. முறையில் உரைநடை நான்கு வரியைத் தாண்டினாலே போதும். தமிழில் வரிக்கணக்கே பொருந்தும் என்பது என் கருத்து. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிவிடுவதால், நூறு தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும்.

பிரித்த பத்தி முழுவதையும் இடப்பக்கம் அரை அங்குலம் உள்ளே தள்ளுங்கள். கர்சரை அங்கே வைத்து `Ctrl+M` அழுத்தினால் தள்ளிவிடும். பத்தியைச் சுற்றி மேற்கோள் குறி வேண்டாம். உள்ளே தள்ளியதே அது வேறொருவர் குரல் என்று சொல்லிவிடுகிறது. முடிவில் நிறுத்தற்குறிக்குப் பிறகு அடிக்குறிப்பு எண் வர வேண்டும். விட்ட இடத்தில் மூன்று புள்ளிகள்; நீங்கள் சேர்த்த சொல் சதுர அடைப்புக்குள். கடிதத்தில் “தளபதி” என்று மட்டும் இருந்தால், “தளபதி [ஜான் கிரடாக்]” என்று எழுதலாம். ஆங்கில ஆவணத்தை நீங்களே தமிழாக்கியிருந்தால், அடிக்குறிப்பில் ‘மொழிபெயர்ப்பு என்னுடையது’ என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொற்கள் பெண்டிங்கின் வாயில் ஏறிவிடும்.

ஒவ்வொரு வரியையும் என்டர், டேப் தட்டி உள்ளே தள்ளுவது பரவலான பிழை. எழுத்துருவை மாற்றியதும் வரிகள் பாதியில் உடையும். `Ctrl+Shift+8` அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். வரிக்கு வரி ¶ நின்றால், அவற்றை அழித்துவிட்டு ஒரே பத்தியாக்குங்கள்.

பக்க எண்ணைக் கையால் தட்டினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே எண் வரும். `Insert` பட்டியலின் `Page Number` வழியே சேர்க்க வேண்டும். முகப்புப் பக்கத்தில் எண் வேண்டாமென்றால் `Different First Page` பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அப்போது கட்டுரை 2ஆம் பக்கத்தில் தொடங்கும். `Format Page Numbers` சென்று `Start at` இடத்தில் 0 கொடுத்தால் 1 ஆகிவிடும்.

சொல் எண்ணிக்கையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். `Review` பட்டியலில் `Word Count` திறந்தால் 2,310 காட்டுகிறது என்போம். அடியிலுள்ள பெட்டியில் குறி இருந்தால் அடிக்குறிப்பும் சேர்ந்த கணக்கு அது. குறியை நீக்கினால் 2,074. முகப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் 24, நூற்பட்டியல் 75. கழித்தால் 1,975. மேற்கோள்கள் பொதுவாகக் கணக்கில் சேரும், ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் துறையின் விதியே முடிவு. எனவே வெறும் எண்ணை எழுதாமல், எதைச் சேர்த்தீர்கள் என்பதையும் முகப்பிலோ, நூற்பட்டியலுக்கு முன்போ எழுதுங்கள்:

‘சொல் எண்ணிக்கை: 1,975 (மேற்கோள்கள் உட்பட, முகப்பு, அடிக்குறிப்புகள், நூற்பட்டியல் நீங்கலாக).’

வேர்ட் இடைவெளியை வைத்தே எண்ணுகிறது. ‘வந்து விட்டது’ இரண்டு, ‘வந்துவிட்டது’ ஒன்று. கட்டுரை முழுவதும் ஒரே வழக்கைப் பின்பற்றுங்கள். கடைசித் திருத்தம் முடிந்த பிறகு மறுபடி எண்ணி, அறிவிப்பிலுள்ள எண்ணை மாற்றிவிட்டுப் பி.டி.எஃப். ஆக்குங்கள்.