என்ன வேலை செய்கிறீர்கள்?

மரக்காணத்து உப்பளத்தில் உழைக்கும் பெண்மணி ஒருவர் இருமலும் மூச்சிரைப்புமாக மருத்துவரிடம் வருகிறார் என வைத்துக் கொள்வோம். "என்ன வேலை?" என்ற கேள்விக்கு, "உப்பள வேலை" என்கிறார். உப்புத் தூசியின் விளைவு என முடிவுகட்டி மருந்தெழுதிக் கொடுப்பது எளிது. ஆனால் விசாரணை அங்கே முடிந்துவிடலாகாது.

நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேட்டறிய வேண்டுமென, இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். தொழிலின் பெயர் முதற்படி மாத்திரமே.

"ஆண்டு முழுவதும் இதே வேலைதானா?" எனக் கேட்டால் புதிய செய்தி கிடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் பாத்திகள் நீரில் மூழ்குவதால், அம்மாதங்களில் அவர் இறால் உரிக்கும் கூடத்திற்குச் செல்கிறார். இருமல் தொடங்கியது அங்கே சென்ற மூன்றாம் ஆண்டில். விடுமுறை நாட்களில் அது குறைகிறது. வேலைக்குத் திரும்பிய நாளின் இரவிலோ மிகுகிறது. தை பிறந்து உப்பளம் திரும்பியபின் சில வாரங்களில் தணிகிறது.

இப்போது ஐயம் உப்பை விட்டு இறாலின் பக்கம் திரும்புகிறது. இறாலைக் கழுவும்போது தெறிக்கும் நுண்திவலைகளில் அதன் புரதம் கலந்திருக்கும். அதை உடல் பகையாகக் கருதத் தொடங்க மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஆகவே "இரண்டாண்டுகள் நன்றாகத்தானே இருந்தேன்" என்பது மறுப்பாகாது. இரைப்பு சில மணி நேரம் கழித்தும் வருமாதலால், பலர் வீட்டையே குறை கூறுவர். மழைக் குளிரையும் காரணமாகச் சொல்லலாம். மழை பெய்தும் வேலைக்குச் செல்லாத வாரத்தில் இரைப்பு குறைந்ததா எனக் கேட்டால் இவ்விரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம்.

கேள்விகள் ஐயத்தைத்தான் எழுப்பும். உறுதிப்படுத்த அளவீடு வேண்டும். மூச்சை வேகமாக ஊதி அளக்கும் சிறு கருவியால், நாளொன்றுக்கு நான்கு முறையேனும், ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஊதிக் குறித்துவர வேண்டும். வேலை நாட்களும் ஓய்வு நாட்களும் அதில் அடங்க வேண்டும். வேலையை முன்னரே விட்டுவிட்டால் ஒப்பிட வழியின்றிப் போகும். எனினும் இரைப்பு கடுமையாக இருப்பின், அளவீட்டுக்காகக் காத்திராமல் வேலையினின்று விலகி உடனே சிகிச்சை பெறுதலே முறை. இந்நோய் உறுதியானபின் அக்கூடத்திலேயே நீடித்தால், பின்னர் விலகினாலும் முழுக்கக் குணமாகாது போகலாம்.

அப்படியாயின் உப்பளம் தீங்கற்றதா? அன்று. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: "வெயிலில் எத்தனை மணி நேரம்? எவ்வளவு தண்ணீர் அருந்துகிறீர்கள்? கழிப்பிடமின்றிச் சிறுநீரை அடக்குகிறீர்களா?" தண்ணீரைக் குறைத்துக்கொண்டு கடும் வெயிலில் உழைப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஆதலால் மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாளில் இவற்றைக் குறித்துச் செல்லுங்கள்: இதுவரை செய்த வேலைகள், ஒவ்வொன்றின் ஆண்டும் மாதமும், கையாண்ட பொருள்கள், நோய் மிகும் நாள், தணியும் நாள். அவர் கேட்க மறந்தாலும் அந்தத் தாள் பேசும்.